முதல் ஆண்டு நட்டம் 12 லட்சத்தைக் காணோம்: `Schedule CFL`-ல் 3 லட்சம் மட்டும் காட்டுகிறது

மலர், ஆம்பூர் (2025 நவம்பர்)

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் ஆம்பூரில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி வைத்திருக்கிறோம். 2022 ஏப்ரலில் பதிவு செய்தோம். நாங்கள் இருவர்தான் டைரக்டர்கள், பங்கும் ஆளுக்குப் பாதி.

2022-23இல் 19 லட்சம் நட்டம். ஆட்களைப் பழக்குவதற்குள் தையல் பிசகித் திரும்பி வந்த ஜோடிகளே நிறைய. 2023-24இல் 9 லட்சம் நட்டம். 2024-25இல்தான் முதல் முறையாக 24 லட்சம் லாபம் வந்திருக்கிறது. பழைய நட்டம் மொத்தம் 28 லட்சம் இருக்கிறதே, இந்த ஆண்டு வரி வராது என்று நிம்மதியாக இருந்தேன். இப்போது ஆடிட்டர் 2 லட்சத்துக்கு மேல் கட்டவேண்டும் என்கிறார். `ITR-6` படிவத்தில் பழைய நட்டத்தைக் காட்டும் `Schedule CFL`-ல் 3 லட்சம், `Schedule UD`-ல் 13 லட்சம், அவ்வளவுதான் இருக்கிறது. மீதி 12 லட்சம் எங்கே போயிற்று? சாஃப்ட்வேர் தவறா? நட்டத்தை 8 ஆண்டு வரை கொண்டுபோகலாம் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

குடியாத்தம் செல்வம்

மேடம், அந்த 19 லட்ச ஆண்டின் ரிட்டர்ன் எப்போது போட்டீர்கள்? தேதி தாண்டிப் போட்டிருந்தால் அந்த ஆண்டு நட்டம் முழுவதும் போய்விடும். எங்கள் மைத்துனருக்கும் இப்படித்தான் ஆனது.

மலர், ஆம்பூர்

2023 டிசம்பர் 18இல் போட்டோம், அண்ணா. லேட் ஃபீஸ் 1,000 ரூபாயும் கட்டினோம். அபராதம் கட்டிய பிறகு அந்த ரிட்டர்ன் செல்லும்தானே?

வேலூர் கணக்கர்

நான் வேலூரில் 20 ஆண்டுக்கு மேலாகச் சிறிய கம்பெனிகளின் வரிக்கணக்கு பார்க்கிறேன். சாஃப்ட்வேரில் தவறில்லை. செல்வம் சொன்னது பாதி சரி. மற்றப் பாதிதான் உங்களுக்கு 7 லட்சத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

முதலில் 2023 டிசம்பரில் வந்த அக்னாலெஜ்மென்ட்டை எடுத்துப் பாருங்கள். எந்தப் பிரிவில் தாக்கல் என்ற இடத்தில் `139(4)` என்று இருக்கும். உரிய நேரத்தில் போட்டிருந்தால் `139(1)` என்று வந்திருக்கும். அந்த ஆண்டு கம்பெனிகளுக்குக் கடைசி நாள் 2023 அக்டோபர் 31. நீங்கள் கட்டிய 1,000 ரூபாயால் ரிட்டர்ன் செல்லுபடியாயிற்று, அது உண்மை. ஆனால் வியாபார நட்டத்தை அடுத்த ஆண்டுக்குத் தூக்கிச் செல்லும் உரிமை கடைசி நாளுக்குள் போட்டவர்களுக்கு மட்டும்தான். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. லேட் ஃபீஸ் கட்டினாலும் அந்த உரிமை திரும்பாது.

அடுத்து, நீங்கள் 19 லட்சம் என்று ஒரே தொகையாகச் சொல்வதை வரிச்சட்டம் இரண்டு பைகளாகப் பார்க்கிறது. ஒன்று மெஷின்களின் தேய்மானம், மற்றது கூலி, வாடகை, கரண்ட், சரக்கு என்று கையைவிட்டுப் போன நட்டம். தேய்மானத்தில் எடுக்க முடியாமல் நின்ற பகுதிக்கு 8 ஆண்டுக் கெடு கிடையாது. ரிட்டர்ன் தாமதமானாலும் அது சாவதில்லை. படிவத்தில் அதற்கென்றே `Schedule UD` தனியாக இருக்கிறது. நீங்கள் கொடுத்த எண்களை வைத்துப் பார்த்தால் 19 லட்சத்தில் ஏறக்குறைய 7 லட்சம் தேய்மானம், 12 லட்சம் வியாபார நட்டம். 9 லட்சத்தில் 6 லட்சம் தேய்மானம், 3 லட்சம் வியாபார நட்டம். சரிதானா?

மலர், ஆம்பூர்

ஆமாம் சார், அப்படியேதான் இருக்கிறது. முதல் ஆண்டு மே மாதம் 46 லட்சத்துக்குச் சற்று மேல் மெஷின் வாங்கினோம். 15 சதவீதம் தேய்மானம் போட்டார்கள். `139(4)` என்பதையும் பார்த்துவிட்டேன். கம்பெனி முதல் ஆண்டிலேயே படிவம் `10-IC` கொடுத்து 22 சதவீத வரிமுறையில் சேர்ந்திருக்கிறது.

வேலூர் கணக்கர்

22 சதவீத முறை என்றால் சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 25.168 சதவீதம். இந்த முறையில் மேட் என்னும் குறைந்தபட்ச மாற்று வரி கிடையாது, அதனால் கணக்கு நேராகப் போகும். கூடுதல் தேய்மானம் எதுவும் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். எடுத்திருந்தால் இந்த முறையில் அந்தப் பகுதியைக் கழிக்க விடமாட்டார்கள்.

இந்த ஆண்டு இப்படி வரும்:

```
லாபம் (இவ்வாண்டுத் தேய்மானம் போக)   24,00,000
2023-24 வியாபார நட்டம்               - 3,00,000
பழைய தேய்மானம் 7 + 6                 -13,00,000
வரிக்கு உட்பட்டது                     8,00,000
வரி 25.168%                           2,01,344
```

வட்டி தனி. ஆடிட்டர் சொன்ன 2 லட்சம் இதுதான்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் வியாபார நட்டம் போகிறது, அதன் பிறகே பழைய தேய்மானம். இந்த வரிசையால் நன்மை உங்களுக்குத்தான். வியாபார நட்டத்துக்குக் கெடு உண்டு, அதைப் பிற்காலத்தில் வியாபார லாபத்தோடு மட்டும்தான் கழிக்கலாம். தேய்மானம் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் காத்திருக்கும், சம்பளம் தவிர வேறு வகை வருமானத்திலும் கழியும். கெடு உள்ளதை முதலில் தீர்க்கிறார்கள்.

அந்த 12 லட்சம் உயிரோடு இருந்திருந்தால், 24இல் 15 லட்சம் வியாபார நட்டம் போக 9 லட்சம் மிஞ்சும். அதைத் தேய்மானம் விழுங்கிவிடும். வரி இல்லை. அதோடு 4 லட்சம் தேய்மானம் அடுத்த ஆண்டுக்கும் நிற்கும். 12 லட்சத்தின் மதிப்பு உங்கள் விகிதத்தில் 3,02,016 ரூபாய்.

ராணிப்பேட்டை அன்வர்

மலர் அக்கா, எங்கள் கதையையும் கேளுங்கள். நாங்கள் எல்லா ஆண்டும் தேதிக்குள் போட்டோம். அப்படியும் 30 லட்சம் வியாபார நட்டத்தை இழந்தோம். முதலீட்டாளர் ஒருவருக்கு 55 சதவீதப் பங்கு கொடுத்ததுதான் காரணம். எங்களைப் போன்ற குடும்பக் கம்பெனிகளில், நட்டம் வந்த ஆண்டின் கடைசி நாளில் பங்கு வைத்திருந்தவர்களிடமே, அதைக் கழிக்கும் ஆண்டின் மார்ச் 31இலும் 51 சதவீத வாக்குரிமையாவது இருக்க வேண்டுமாம். ஸ்டார்ட்அப் பதிவு இருக்கிறதே என்று எங்கள் ஆடிட்டர் தைரியம் சொன்னார். அந்தப் பதிவு மட்டும் போதாது, `80-IAC` சான்றிதழ் வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. நீங்களும் பங்கு மாற்றும் யோசனை வைத்திருந்தால் முதலில் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலர், ஆம்பூர்

தம்பி, நல்லவேளை சொன்னீர்கள். வரும் பிப்ரவரியில் வாணியம்பாடிக்காரர் ஒருவரை 40 சதவீதத்துக்குச் சேர்க்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். சார், இதனால் எங்களுக்குச் சிக்கல் வருமா?

வேலூர் கணக்கர்

அன்வர் சொன்ன விதி சரி. அவரிடமும் தேய்மானம் தப்பியிருக்கும், அந்தப் பிரிவு தேய்மானத்தைத் தொடாது. உங்களுக்கு இப்போது பொருந்தாது, அம்மா. நீங்கள் கழிப்பது 2024-25 லாபத்தில். அதற்குப் பார்க்க வேண்டிய நாள் 2025 மார்ச் 31. அன்று நீங்கள் இருவர்தான் முழுப் பங்கும் வைத்திருந்தீர்கள். அடுத்த பிப்ரவரியில் 40 கொடுத்தாலும் உங்களிடம் 60 நிற்கும்.

இனி அந்த 12 லட்சத்துக்கு வருகிறேன். ஒரே ஒரு வழி இருக்கிறது. தாமதத்தை மன்னிக்கக் கோரி `119(2)(b)` பிரிவில் மனு கொடுக்கலாம். 2024 அக்டோபர் 1இல் வந்த 11/2024 சுற்றறிக்கைப்படி, கோரும் தொகை 1 கோடி வரை என்றால் ஆணையர் நிலையிலேயே முடிவெடுப்பார்கள். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் மனு போக வேண்டும். உங்களுக்கு 2029 மார்ச் 31 வரை நேரம் இருக்கிறது. ஆனால் தாமதத்துக்கு உண்மையான காரணம் வேண்டும், அதைத் தாளில் காட்ட வேண்டும். ஏன் தாமதமானது?

மலர், ஆம்பூர்

2023 செப்டம்பரில் பள்ளிகொண்டா பக்கம் என் வீட்டுக்காரருக்கு பைக் விபத்து. இடுப்பெலும்பு முறிந்து, இரண்டு ஆபரேஷன். நவம்பர் கடைசியில்தான் வீட்டுக்கு வந்தார். கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்துக்கான டி.எஸ்.சி. டோக்கன் அவர் பெயரில்தான் இருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரி, பில் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த இரண்டு மாதம் மருத்துவமனைக்கும் யூனிட்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன். ரிட்டர்ன் தேதி என் நினைவிலேயே இல்லை.

குடியாத்தம் செல்வம்

படிக்கவே மனசு கனக்கிறது. இதைவிடப் பெரிய காரணம் என்ன வேண்டும்? கண்டிப்பாகக் கிடைக்கும்.

வேலூர் கணக்கர்

கிடைக்கலாம். ஆனால் அதிகாரி கேட்கப்போகும் கேள்வியை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்களும் ஒரு டைரக்டர். ஒருவரால் கையெழுத்துப் போட முடியாவிட்டால் மற்ற டைரக்டர் போடலாம் என்று சட்டம் சொல்கிறது. நீங்கள் ஏன் உங்கள் பெயரில் டி.எஸ்.சி. வாங்கிப் போடவில்லை என்று கேட்பார். டோக்கனை மட்டும் காரணமாக எழுதினால் மனு அங்கேயே பலவீனமாகிவிடும். கணக்கு முடியாமல் நின்றதற்கே வேறு காரணம் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

மலர், ஆம்பூர்

இருந்தது சார். எந்த ஃபேக்டரிக்கு எத்தனை ஜோடி போயிற்று, எத்தனை திரும்பியது என்ற ஸ்டாக் நோட்டு முழுவதும் அவர் கையெழுத்தில் இருந்தது. அவர் உட்கார்ந்து விளக்கிய பிறகுதான் ஆடிட்டர் மார்ச் 31 இருப்பை ஒப்புக்கொண்டார். ஆடிட் ரிப்போர்ட்டில் டிசம்பர் தேதிதான் இருக்கிறது.

வேலூர் கணக்கர்

இதுதான் மனுவின் முதுகெலும்பு. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை தேதி வாரியாக எழுதுங்கள். ஸ்டாக் கேட்டு ஆடிட்டர் அனுப்பிய மெயில், வாட்ஸ்அப் எதுவானாலும் பிரின்ட் எடுத்து வையுங்கள். நட்டம் உண்மையானதா என்றும் விசாரிப்பார்கள். திரும்பி வந்த ஜோடிகளின் டெபிட் நோட்டுகளை வரிசைப்படுத்தி வையுங்கள். கூடியவரை 6 மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும் என்று சுற்றறிக்கையில் இருக்கிறது.

இந்த ஆண்டு ரிட்டர்னில் 12 லட்சத்தைச் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். `Schedule CFL`-ல் தாக்கல் தேதியைக் கேட்கிறது. அதை வைத்தே பெங்களூரு மையம் `143(1)` நோட்டீசில் வெட்டிவிட்டு, வட்டியோடு கேட்கும். இப்போது 2,01,344ஐ வட்டியோடு கட்டி, தேதிக்குள் ரிட்டர்ன் போடுங்கள்.

ராணிப்பேட்டை அன்வர்

சார், ஒரு சந்தேகம். ஆணை அடுத்த மே மாதம் வந்தால் அக்கா இப்போது கட்டும் பணம் எப்படித் திரும்பும்? ரிவைஸ்டு ரிட்டர்னுக்கு டிசம்பர் 31தானே கடைசி?

வேலூர் கணக்கர்

அங்கேதான் எனக்கே முழு நிம்மதி இல்லை. ஆணை வந்ததும் 2022-23க்கான ரிட்டர்னை அந்தப் பிரிவில் மறுபடி போடலாம். அதன் பிறகு 2024-25க்குத் திருத்த மனு கொடுத்து நட்டத்தைக் கழிக்கச் சொல்லிக் கேட்பேன். ஏற்கவேண்டும் என்பது என் கருத்து. அது பதிவேட்டில் தெரியும் பிழையல்ல, திருத்த மனுவில் வராது என்று வாதாடும் நண்பர்களும் உண்டு. அப்படி ஆனால் 12 லட்சம் அடுத்த லாப ஆண்டுக்குத்தான் போகும். அப்போது மட்டும் வாணியம்பாடிக்காரரின் 40 சதவீதம் கணக்குக்கு வரும். ஒப்பந்தத்தில் அவர் பங்கு 49ஐத் தாண்டாதபடி எழுதிக்கொள்ளுங்கள்.

மலர், ஆம்பூர்

சரி சார். வரியைக் கட்டிவிட்டு ரிட்டர்ன் போடச் சொல்லிவிட்டேன். டெபிட் நோட்டுகளை இன்றே எடுத்து அடுக்குகிறேன். 2022 நவம்பருக்கான கட்டு ஒன்று மட்டும் யூனிட்டில் காணவில்லை, அந்த ஃபேக்டரியில் நகல் கேட்கவேண்டும். நகல் போதுமா, அசலே வேண்டுமா என்று யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.