தெற்கு வீட்டு நிழல்: மாலைக் கணக்கில் உதவி தேவை

சென்னையில் எங்கள் மாடித் தோட்டத்துக்குத் தெற்கே புதுக் கட்டடம் எழுந்திருக்கிறது. அதன் உயரம் 16 மீட்டர். எங்கள் மொட்டைமாடி 7 மீட்டர். முதலில் 16-ஐ அப்படியே போட்டு, தோட்டமே போயிற்று என்று பயந்துவிட்டேன். மாடிக்கு மேலே நிற்கும் 9 மீட்டர்தானே கணக்கு!

டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் 53.5 பாகை உயரத்தில் இருக்கும். 9 ÷ tan 53.5° என்றால் நிழல் 6.7 மீட்டர். தக்காளித் தொட்டிகள் சுவரிலிருந்து 8 மீட்டரில் இருப்பதால் தப்பிக்கும்.

பிற்பகல் 3 மணிக்குச் சூரியன் 34 பாகைக்கு இறங்கித் தென்மேற்கே நிற்கும். நிழல் 13 மீட்டர், ஆனால் வடகிழக்காகச் சாய்ந்து விழும். சுவரிலிருந்து நேர் வடக்கே அளந்தால் ஏறக்குறைய 8.7 மீட்டர் வருகிறது. சரிதானா? கட்டடத்தின் அகலம் 10 மீட்டர்தான். நிழலின் மேற்கு ஓரம் எந்தத் தொட்டியோடு நிற்கும் என்பதை எப்படிக் கணக்கிடுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.