நாளைக்கு வகுப்பில் பத்து விடுகதை

மீனா: நாளை மூன்றாவது பீரியடில் நாலாம் வகுப்புக்கு விலங்கு விடுகதை விளையாட்டு. வரிசை இதுதான்: யானை, மயில், ஒட்டகம், சிலந்தி, ஆந்தை, வௌவால், வரையாடு, எறும்புத்தின்னி, கடல்குதிரை, ஆவுளியா என்கிற கடல்பசு. போகப் போகக் கஷ்டம். குறை இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சுந்தரி அத்தை: ஒரே விலங்குக்குப் பத்துத் துப்பா? மூன்றாவதிலேயே கண்டுபிடித்துவிடுவார்களே!

மீனா: இல்லை அத்தை, விலங்கே பத்து. ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி. முதல் வரி கேட்டதும் சொன்னால் 3 மதிப்பெண், இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1. அதனால் ஒரு விடுகதைக்குள் கஷ்டமான வரி முதலில் வரும், காட்டிக்கொடுக்கிற வரி கடைசியில்.

சுந்தரி அத்தை: சரி சரி. ஆனால் கவின் வகுப்பில் இப்படி ஒன்று வைத்தார்கள். ஒரே பையன் எல்லாவற்றுக்கும் கத்திவிட்டான். இவன் வாயே திறக்காமல் வந்து அழுதான்.

மீனா: ஐயோ. அப்படியென்றால் கையைத் தூக்க வேண்டாம், ஆறு பேருக்கு ஒரு சிலேட்டு கொடுக்கிறேன். ஒரு விடுகதைக்கு ஒரு விடைதான் எழுதலாம். சும்மா ஊகிக்கவும் மாட்டார்கள்.

விஜி சித்தி: ஒட்டகத்துக்கு நான் எழுதித் தரட்டுமா? ‘முதுகில் தண்ணீர் சுமப்பேன்’.

பெரியப்பா: திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை விஜி, கொழுப்பு. பல நாள் தீனி கிடைக்காவிட்டால் கொழுப்பு கரைந்து திமில் ஒரு பக்கம் சரிந்துவிடும்.

விஜி சித்தி: தண்ணீர் இல்லாமல் பல நாள் நடக்கிறதே?

பெரியப்பா: அது உண்மைதான். கிடைக்கும்போது நிறையக் குடிக்கும், வியர்வையிலும் சிறுநீரிலும் அதிகம் இழக்காது. ‘பட்டினி கிடந்தால் என் முதுகு இளைக்கும்’ என்று வை மீனா. அப்புறம், வௌவாலுக்கு என்ன எழுதியிருக்கிறாய்?

மீனா: ‘பகலில் தூங்குவேன். இரவில் பறப்பேன். இருட்டில் இரை தேடுவேன்.’

பெரியப்பா: மூன்று வரியும் ஆந்தைக்கும் பொருந்தும். ஒரு சிலேட்டில் ஆந்தை என்று இருந்தால் தப்பு என்று சொல்ல உனக்கு வழியில்லை. ஒவ்வொரு வரிக்கும் வேறு எந்த விலங்கு பொருந்தும் என்று தேடிப் பார். மூன்றும் சேர்ந்தால் ஒன்றுதான் மிஞ்ச வேண்டும்.

மீனா: ‘இரவில் பறப்பேன். எனக்கு இறகே கிடையாது. குட்டிக்குப் பால் கொடுப்பேன்.’ இப்போது?

பெரியப்பா: இது நிற்கும். இரண்டாவது வரியிலேயே ஆந்தை விழுந்துவிடுகிறது. எறும்புத்தின்னியில் கவனம், எறும்பு என்ற சொல்லே வரக்கூடாது, பெயரிலேயே விடை இருக்கிறது. ‘உடம்பெல்லாம் செதில், ஆனால் மீனும் இல்லை பாம்பும் இல்லை. பயந்தால் பந்தாகச் சுருளுவேன்’ என்று போ. அலங்கு என்று எழுதினாலும் சரி என்று கொடு.

விஜி சித்தி: கடல்குதிரைக்கு?

மீனா: ‘எங்கள் வீட்டில் குஞ்சுகளை வயிற்றுப்பையில் சுமப்பது அப்பா’. முதல் வரி கேட்டதும் கங்காரு என்றுதான் எழுதுவார்கள் என்று நினைக்கிறேன்.

பெரியப்பா: கங்காருவில் பை அம்மாவுக்கு. அதைக் காதில் வாங்கிய குழுவுக்கு 3 மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம்.

செல்வம் (தொண்டி): கடைசி விடுகதையைப் போடு மீனா. அது எங்கள் கடல் சமாச்சாரம்.

மீனா: ‘மாடு மாதிரி புல் மேய்வேன், ஆனால் வயலில் இல்லை. கடலுக்குள் இருந்தாலும் மூச்சுவிட மேலே வருவேன். எனக்கு மீன் பிடிக்காது.’

செல்வம்: பேராமையும் அதே கடற்புல்லைத் தின்னும், அதுவும் மூச்சுவிட மேலே வரும். மூன்றாவது வரியை மாற்று. ஆமை முட்டையிடக் கரைக்கு ஏறும், ஆவுளியா ஏறாது. கடலிலேயே குட்டி போட்டுப் பால் கொடுக்கும்.

மீனா: நல்லவேளை கேட்டேன் அண்ணா! ‘கரையேறாமலே குட்டி போட்டுப் பால் கொடுப்பேன், நிலத்தில் என் சொந்தக்காரர் யானை’ என்று முடிக்கிறேன்.

சுந்தரி அத்தை: யானையா?! பார்த்தால் சீல் மாதிரி இருக்கிறதே.

பெரியப்பா: உருவம் அப்படி, உறவு யானையோடுதான். பாக் விரிகுடாவில் அதற்கென்றே 2022இல் காப்பகம் அறிவித்தார்கள்.

மீனா: முதல் விடை யானை, கடைசி விடை யானையின் சொந்தம். அதற்காகத்தான் இதைப் பத்தாவதாக வைத்தேன்.

செல்வம்: எங்கள் பள்ளியில் வைத்தால் பத்தாவது ஆகாது. வலையில் மாட்டியதை விட்டுவிட்டு வந்த அப்பாக்களின் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். முதல் வரியிலேயே எழுதிவிடுவார்கள். வரையாடுதான் அவர்களுக்குக் கஷ்டம்.

மீனா: திருச்சியில் இரண்டையும் யாரும் பார்த்ததில்லை. அப்படியானால் வரையாட்டை ஏழில் வைத்தது சரியா என்றே தெரியவில்லை.

பெரியப்பா: வரையாடு மாநில விலங்கு, பாடப்புத்தகத்தில் பெயராவது பார்த்திருப்பார்கள். ஏழிலேயே இருக்கட்டும்.

செல்வம்: நான் ஒன்பதில் வைப்பேன்.

மீனா: நாளை ஒவ்வொரு விடுகதைக்கும் எத்தனை சிலேட்டு எந்த வரியில் சரியாக எழுதியது என்று குறித்துக்கொள்கிறேன். சாயங்காலம் போடுகிறேன். அண்ணா, ஆவுளியா படம் ஒன்று அனுப்புங்கள், விடை சொன்னதும் காட்ட வேண்டும்.