இம்ப்ரெஷனுக்கு என்ன சொல்? தம்ப்நெயில் ஒப்பந்தத்தில் வந்த வம்பு

மீரா:
யூடியூபர்களுக்குத் தம்ப்நெயில் செய்து தருகிறேன். படத்துக்கு இவ்வளவு என்று கூலி, கிளிக் விகிதம் 6 விழுக்காட்டைத் தாண்டினால் கொஞ்சம் கூடுதல். ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதும்போது, தம்ப்நெயில் ஒருவர் திரையில் தெரிவதைக் குறிக்கும் இம்ப்ரெஷனைப் 'பார்வை' என்று எழுதித் தொலைத்தேன். வியூஸைத்தான் சொல்கிறேன் என்று ஒரு யூடியூபர் பிடித்துக்கொண்டார். நல்ல சொல் ஒன்று வேண்டும்.

சண்முகம்:
தம்ப்நெயிலுக்குக் 'குறும்படம்' போதுமே?

மீரா:
ஐயா, நான் கேட்டது இம்ப்ரெஷனுக்கு. அதோடு, குறும்படம் என்றால் கேமராவோடு வா என்பார்கள்!

கபிலன்:
'கண்படல்' எப்படி? சொல் எதுவானாலும் கிளிக் விகிதம் கூடிய படம்தான் நல்ல படம். ஒரே காணொளிக்குப் பல தம்ப்நெயில் போட்டு ஒப்பிடும் யூடியூபின் சோதனையும் அதை வைத்துத்தானே தேர்ந்தெடுக்கிறது?

சண்முகம்:
கண்பட்டால் திருஷ்டி கழிக்க வேண்டுமே தம்பி.

நசீமா:
'தென்படல்' என்பேன். படத்தின் பாதியாவது ஒரு நொடிக்கு மேல் திரையில் தெரிந்தால்தான் யூடியூப் எண்ணுகிறது. 'காட்டல்' என்றால் அந்த நிபந்தனை தொலைந்துபோகும். வெளித்தளங்களில் தெரிவது இந்தக் கணக்கில் வராது, ஆனால் அங்கிருந்து வருபவர்களும் வியூஸில் சேர்வார்கள். அதனால்தான் 'பார்வை' வம்பில் விடுகிறது.

கபிலன், சோதனை பற்றிச் சொன்னது பாதிதான் சரி. மூன்று படம் வரை போடலாம். வெல்வது கிளிக்கை வைத்து இல்லை, பார்த்த நேரத்தில் எந்தப் படத்தின் பங்கு அதிகம் என்பதை வைத்து. ஏமாற்றிக் கிளிக் வாங்கும் படம் அங்கே தோற்கும்.

மீரா, அவர் படத்தையும் மாற்றச் சொன்னாரா?

மீரா:
முதல் நாள் 8,000 இம்ப்ரெஷன், 640 கிளிக். 8 விழுக்காடு. அடுத்த மூன்று நாளில் 60,000 வந்து 1,800 கிளிக்தான். "படம் செத்துப்போச்சு, சிவப்பு எழுத்து போட்டு மாத்துங்க" என்றார். மாற்றினேன். கூடுதல் தொகையும் போச்சு.

நசீமா:
படம் சாகவில்லை. முதல் நாள் பார்த்தவர்களில் பெரும்பாலோர் சந்தாதாரர்களாக இருப்பார்கள். பிறகு முகப்பில் அறிமுகமில்லாதவர்களுக்குத் தென்பட்டதும் 3 விழுக்காடாகிவிட்டது. மொத்தம் 68,000 தென்படலுக்கு 2,440 கிளிக், அதாவது சுமார் 3.6. விகிதம் இறங்கினாலும் நாளுக்குச் சராசரி 600 கிளிக் வந்துகொண்டுதானே இருந்திருக்கிறது! அறுதியாக 6 என்று எழுதாதீர்கள். அதே சேனலின் முந்தைய காணொளிகள் இதே அளவு தென்பட்டபோது எவ்வளவு இருந்தன என்று ஒப்பிடுங்கள். மாற்றச் சொன்னால் பார்வையாளர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் யூடியூப் பக்கத்தை முதலில் கேட்டு வாங்குங்கள்.

கபிலன்:
சரி, சோதனை விஷயத்தில் நான் தவறு. ஆனால் 'தென்படல் கிளிக் விகிதம்' நீளமாக இல்லையா? 'சொடுக்கு வீதம்' போதும்.

நசீமா:
எதற்கு வீதம் என்று மறுபடி சண்டை வரும்.

மீரா:
தென்படலையே எழுதிக்கொள்கிறேன். சோதனைக்கு மூன்று படம் கேட்கிறாரே, அவற்றுக்கு என்ன பெயர்? 'திருத்தம்' என்றால் இலவசமாகக் கேட்பார். எழுத்து மட்டும் மாறினால் பாதிக் கூலி, முகமும் பின்னணியும் மாறினால் முழுக்கூலி என்பது என் கணக்கு.

சண்முகம்:
'மாற்றுப்படம்'?

கபிலன்:
அதுவும் சினிமாக்காரர்களிடம் இருக்கிறது ஐயா.