'ஆஃப்-சைக்கிள் பேமென்ட்': தமிழில் என்ன சொல்லலாம்?

திருப்பூரிலிருந்து:
வணக்கம். எங்கள் பின்னலாடை நிறுவனத்தில் மாதம் 10, 25 தேதிகளில்தான் சப்ளையர்களுக்குப் பணம் போகும். நடுவில் ஒரு பில்லுக்குப் பணம் கேட்டு நிதித் தலைவருக்கு எழுதினேன்: 'அவசரக் கொடுப்பு. சாயப்பட்டறைக்கு ரூ. 2,70,000 உடனே வேண்டும். ஒப்புதல் தரவும்.' "உங்களுக்கு எதுதான் அவசரமில்லை?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். 'முன்கூட்டிய கொடுப்பு' என்று மாற்றினால் சரியா?

சென்னையிலிருந்து:
முன்பணம் என்றே போடுங்களேன். அம்மாவின் ஆபரேஷனுக்கு எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் எழுதி வாங்கினேன்.

மதுரையிலிருந்து:
அது சம்பள முன்பணம் தம்பி, இது வேறு. நான் முப்பது வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன். திருப்பூர்க்காரரே, பில்லுக்குக் கெடு எப்போது?

திருப்பூரிலிருந்து:
12ஆம் தேதி ஐயா. இன்று 14. பில் எங்களுக்கு 11ஆம் தேதிதான் வந்தது, அதனால் 10ஆம் தேதிப் பட்டியலில் சேரவில்லை.

மதுரையிலிருந்து:
கெடு தாண்டிய பணத்தை 'முன்கூட்டிய' என்றால் எப்படி? வழக்கமான இரண்டு நாட்களுக்கு இடையில் பணம் போகிறது, அவ்வளவுதான். 'இடைநாள் பட்டுவாடா' என்கிறேன். 'அவசரம்' உங்கள் நெருக்கடியைச் சொல்கிறது. 'இடைநாள்' அவர் எதற்கு விலக்குத் தர வேண்டும் என்பதைச் சொல்கிறது. கோரிக்கையையும் அப்படியே எழுதுங்கள்:

'இடைநாள் பட்டுவாடாவுக்கு ஒப்புதல் வேண்டும்: ரூ. 2,70,000, இன்றே. பில் 11ஆம் தேதி வந்ததால் 10ஆம் தேதிப் பட்டியலில் சேரவில்லை. துணி வந்து எடை சரிபார்த்தாயிற்று. பழைய பாக்கி தீராமல் அடுத்த லாட்டை விடமாட்டோம் என்கிறார்கள். 16ஆம் தேதி கட்டிங் தொடங்காவிட்டால் 22ஆம் தேதிக் கண்டெய்னர் தவறும். 25ஆம் தேதிப் பட்டியலிலிருந்து இந்த பில்லை நீக்கிவிடுகிறோம்.'

கடைசி வரியை விடாதீர்கள். பட்டியலுக்கு வெளியே தனியாக அனுப்பிய பணத்தைக் கணக்கில் அந்த பில்லோடு சேர்க்காவிட்டால் பில் பாக்கியாகவே நிற்கும். 25ஆம் தேதி இன்னொரு முறை போய்விடும். நான் ஒருமுறை அப்படி மாட்டி, திருப்பி வாங்க இரண்டு மாதம் அலைந்தேன்.

கோவையிலிருந்து:
சாயப்பட்டறை சிறுதொழில்தானே? சட்டப்படி 45 நாள் இருக்கிறது, காத்திருக்கலாமே.

மதுரையிலிருந்து:
பாதி சரி. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்தான் அதிகபட்சம் 45 நாள். இல்லாவிட்டால் 15. அப்புறம், சட்டம் காத்திருந்தாலும் துணி காத்திருக்காது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
சொல்லுக்கு வருவோம். எங்களிடம் 'கொடுப்பனவு' என்பதே வழக்கு. பட்டுவாடா தமிழில்லையே.

கோவையிலிருந்து:
இங்கே பணப் பட்டுவாடா என்றாலே தேர்தல்தான் நினைவுக்கு வரும்! தலைப்பில் அதைப் பார்த்தால் நிதித் தலைவர் திடுக்கிடுவார். எனக்கும் கொடுப்பனவே சரி.

மதுரையிலிருந்து:
'சம்பளப் பட்டுவாடா' என்று எழுதியே பழகிவிட்டேன். நான் மாறமாட்டேன்.

திருப்பூரிலிருந்து:
ஒப்புதல் வந்துவிட்டது. ஒரே கேள்விதான் கேட்டார்: "வங்கிக் கணக்கு எண் பழையதுதானா, மெயிலில் புதிதாக வந்ததா?" பழையதுதான். ஆனாலும் நம் பதிவேட்டில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டு உறுதி செய்த பிறகே அனுப்பினோம். தலைப்பில் 'இடைநாள் பேமென்ட்' என்று போட்டிருந்தேன். மன்னிக்கவும்.