குடியிருப்புக் குழு: டயர் பாலிஷ் ரப்பரைக் கெடுக்குமா?

பிரபு: அனைவருக்கும் வணக்கம். என் காரின் நான்கு டயர்களிலும் பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிகின்றன. வாட்டர் வாஷ் செய்யும் இடத்தில் ஒவ்வொரு முறையும் டயர் பாலிஷ் அடித்துத் தருகிறார்கள். ரப்பர் கெட்டதற்கு அதுதான் காரணமா?

கார்த்திக்: நிச்சயமாக அதுதான் அண்ணா. சிலிகோன் கலந்த எந்தப் பாலிஷும் ரப்பரை அரித்துவிடும்.

சுந்தரம்: பாதி சரி, தம்பி. டயர் ஆலையில் ரப்பர் கலவைப் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். சிலிகோன் எண்ணெய் டயர் ரப்பரைப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. அது எதில் கலந்து வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். காற்றில் உள்ள ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும் என்பதால், அதைத் தடுக்கும் மெழுகையும் ரசாயனத்தையும் தயாரிப்பின்போதே ரப்பருக்குள் சேர்த்துவிடுகிறோம். வண்டி ஓடி டயர் வளைந்து நிமிரும்போது அவை மெல்ல மேலே கசிந்து, ஒரு காப்புப் படலமாகப் படிகின்றன. பெட்ரோலியக் கரைப்பான் கலந்த பாலிஷை அடிக்கடி பூசினால் அந்தப் படலம் கரைந்து போகக்கூடும். தண்ணீரில் கலந்த பாலிஷில் அந்தப் பயம் மிகக் குறைவு.

மல்லிகா: டயர் பழுப்பாக இருப்பதும் இந்தப் பாலிஷால்தானா? எங்கள் கார் டயரை எவ்வளவு கழுவினாலும் பழுப்பு திரும்பி வருகிறது. டீசலில் துணியை நனைத்துத் துடைத்தால் கருப்பாகும் என்று ஓட்டுநர் சொல்கிறார்.

சுந்தரம்: டீசல், மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் எதுவும் வேண்டாம் அம்மா. அவை ரப்பருக்குள் ஊறி அதை உப்பச் செய்துவிடும். நான் சொன்ன காப்பு ரசாயனம் வெளியே வந்து காற்றுடன் சேர்ந்து மாறும் நிறம்தான் அந்தப் பழுப்பு. டயர் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அது அடையாளம். பார்வைக்கு அழகில்லை, அவ்வளவுதான்.

ஜாகிர்: என் மகனின் ஸ்கூட்டர் டயரில் இதே பாலிஷை அடித்துக் கொடுத்தார்கள். முதல் திருப்பத்திலேயே பின்சக்கரம் சறுக்கியது. இரு சக்கர வண்டிக்கு இதை யாரும் அனுமதிக்காதீர்கள்.

சுந்தரம்: மிகச் சரி, பாய். வளைவில் இரு சக்கர டயரின் ஓரம்தான் சாலையைப் பிடிக்கிறது. காரிலும் தரையில் படும் பகுதியிலோ பிரேக் தட்டிலோ பாலிஷ் படவே கூடாது.

பிரபு: அங்கே எந்த வகையைப் பயன்படுத்துகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, சார்?

சுந்தரம்: ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டு விட்டுப் பாருங்கள். தண்ணீர் வகை பால்போலக் கலந்துவிடும்; கரைப்பான் வகை எண்ணெயாக மேலே மிதக்கும், மண்ணெண்ணெய் வாடையும் பெரும்பாலும் இருக்கும். டயரில் வட்டத்துக்குள் உள்ள கடைசி நான்கு இலக்கங்களையும் படித்துச் சொல்லுங்கள்.

பிரபு: 3418. டம்ளரிலும் பார்த்துவிட்டேன், எண்ணெய் மிதக்கிறது.

சுந்தரம்: அப்படியானால் 2018 ஆம் ஆண்டின் 34 ஆவது வாரத்தில் செய்த டயர். வயதும் ஒரு காரணமாக இருக்கலாம். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியின் எண்ணும் அதுவேதானா, அதில் வெடிப்பு உண்டா?

பிரபு: அதே எண்தான். ஸ்டெப்னியில் ஒரு வெடிப்புகூட இல்லை.

கார்த்திக்: பார்த்தீர்களா, பாலிஷ்தான் குற்றவாளி!

மல்லிகா: ஸ்டெப்னி வெயிலையும் பார்த்ததில்லையே, தம்பி. பிரபுவின் கார் நாள் முழுவதும் வெட்டவெளியில் அல்லவா நிற்கிறது?

சுந்தரம்: அம்மா கேட்பது நியாயமான கேள்வி. வயது மட்டுமே காரணமல்ல என்று ஸ்டெப்னி காட்டுகிறது. ஆனால் வெயிலா, பாலிஷா, நாள்கணக்கில் ஓடாமல் நிற்பதா என்று இதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரபு: இனி எப்படிச் சுத்தம் செய்யலாம்?

சுந்தரம்: வண்டி ஓடி வந்த சூடு ஆறிய பிறகு, நிழலில் நிறுத்தித் தண்ணீர் அடித்து மண்ணை நீக்குங்கள். கார் ஷாம்பு கலந்த நீரில் நைலான் பிரஷை நனைத்து, பழுப்பாக வரும் நுரை வெள்ளையாகும் வரை தேய்த்தால் போதும். கம்பி பிரஷ் கூடாது. நன்றாக அலசித் துணியால் துடைத்து உலர விடுங்கள். கருமை வேண்டுமென்றால் தண்ணீர் வகைப் பாலிஷைப் பஞ்சில் எடுத்துப் பக்கச்சுவரில் மட்டும் மெல்லியதாகத் தடவி, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் சக்கரம் சுழலும்போது பெயிண்டில் தெறிக்கும், தூசியும் ஒட்டும்.

ஜாகிர்: வெடிப்பு விழுந்த டயரில் பாலிஷ் பூசினால் வெடிப்பு மறைந்துவிடாதா?

சுந்தரம்: கண்ணுக்கு மறையும், ஆபத்து மறையாது. அதனால் பிரபு இப்போதைக்கு எதையும் பூச வேண்டாம். வெடிப்பில் நகம் மாட்டினாலோ, உள்ளே நூலிழை தெரிந்தாலோ, பக்கச்சுவர் எங்காவது புடைத்திருந்தாலோ அந்த டயரை உடனே மாற்றிவிடுங்கள்.

பிரபு: முன்பக்க இடது டயரில் நகம் மாட்டுகிறது, சார். நாளைக் காலையே டயர் கடைக்கு எடுத்துச் செல்கிறேன்.