50% தள்ளுபடி என்கிறார்கள், எந்த விலையில் பாதி?

நிலா: அக்காவுக்குப் பரிசாக ஒரு ஹெட்போன் வாங்க வேண்டும், கொடுக்கும் நாளுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அடுத்த மாதம் பெரிய ஆன்லைன் சேல். காத்திருக்கலாமா? 50% என்று போட்டால் நம்பலாமா?

முரளி: நம்பாதீர்கள். சேலுக்கு முன்னாடி விலையை ஏற்றுவார்கள், அப்புறம் குறைத்த மாதிரி காட்டுவார்கள். எல்லாமே ஏமாற்று, இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

விலைநோக்கி: முரளி, ஏற்றுவது உண்மைதான், ஆனால் அதனாலேயே சேல் விலை மோசம் என்று ஆகிவிடாது. கோடு போட்டு அடித்த விலையை விட்டுவிட்டு, கடந்த மூன்று மாதத்தில் பெரும்பாலான நாட்கள் அது என்ன விலைக்கு விற்றது என்று பார்க்க வேண்டும். அமேசான் என்றால் Keepa என்ற தளத்தில் விலை வரைபடம் இருக்கிறது. உதாரணமாக அடித்த விலை 5,000, சேல் விலை 2,500. வரைபடத்தில் மூன்று மாதமும் 2,800-ஐ ஒட்டியே கோடு போகிறது, சேலுக்கு இரண்டு வாரம் முன்பு மட்டும் 3,400-க்கு ஏறுகிறது. அப்படியென்றால் 5,000-க்கு அது விற்கவே இல்லை. உண்மைத் தள்ளுபடி 300, அதாவது கிட்டத்தட்ட 11%. பாதி விலை என்பது பொய், ஆனால் இன்று 2,800 கொடுப்பதைவிட அது லாபம்தானே?

முரளி: பொய் சொல்லி விற்கிறவனிடம் 300 மிச்சம் என்று ஏன் போக வேண்டும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல், தள்ளுபடிக்கு முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும் என்று விதியே இருக்கிறது. எல்லா இடத்திலும் அப்படி இருந்தால் இந்த வேலையே நடக்காது.

விலைநோக்கி: நல்ல விதி. ஆனால் 30 நாளுக்கும் முன்பே ஏற்றிவிட்டால் அதிலும் தப்பலாம், அதனால்தான் மூன்று மாதம் பார்க்கச் சொல்கிறேன். இன்னொன்று, ஒரே மாடலில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் தனித்தனி விலை இருக்கும். நீங்கள் வாங்கும் நிறத்தின் வரைபடத்தையே பாருங்கள். கார்டுக்கான தள்ளுபடி அதில் தெரியாது.

தேவி: நான் தம்பிக்கு சேலில் வாட்ச் வாங்கி வைத்திருந்தேன். அவன் பிரித்துப் பார்த்தபோது சார்ஜே ஏறவில்லை, திருப்பிக் கொடுக்கும் நாள் முடிந்துவிட்டது என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். ஆன்லைனே வேண்டாம், நேரில் வாங்குங்கள்.

விலைநோக்கி: ஆன்லைனைக் குறை சொல்ல முடியாது தேவி, பெரும்பாலான கடைகளில் அந்த நாள் கணக்கு பொருள் கைக்கு வந்ததுமே தொடங்கிவிடுகிறது, பரிசாகக் கொடுக்கும் நாளிலிருந்து அல்ல. நிலா, சேல் முடிந்து பரிசு கொடுக்க எத்தனை நாள் இருக்கிறது?

நிலா: இரண்டு வாரத்துக்கு மேல். திருப்பிக் கொடுக்க 10 நாள்தான்.

விலைநோக்கி: அப்படியானால் வந்த அன்றே பிரித்து, இரண்டு பக்கமும் சத்தம் வருகிறதா, மைக் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பப் பெட்டியில் வையுங்கள்.

தேவி: பிரித்த பெட்டியைப் பரிசாகக் கொடுப்பதா? எனக்கு மனசு வராது.