தாத்தா-பேத்தி செஸ் கதை, கடைசி மூவ்ல ஒரு சந்தேகம்

செஸ் தெரிஞ்சவங்க கொஞ்சம் உதவுங்க ப்ளீஸ். சிறுகதை எழுதுறேன், பேத்தி விடிஞ்சா ஜெர்மனிக்கு படிக்க கிளம்புறா, ராத்திரி திண்ணையில தாத்தாவோட கடைசி ஆட்டம். அவகிட்ட ஏ8-ல கருப்பு ராஜா மட்டும்தான் மிச்சம், தாத்தாவோட ராஜா சி6, ராணி எச்7, அவர் மூவ். ராணிய பி7-ல வச்சா செக்மேட், ஆனா மனுஷன் ஒரு கட்டம் முன்னாடியே சி7-ல நிறுத்திடுறார், அவளுக்கு செக்கும் இல்ல நகர இடமும் இல்ல, ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. அவருக்கு ஜெயிச்சு முடிக்க மனசில்லைங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான்.

கேள்வி என்னன்னா, இத பாத்தா வேணும்னே செஞ்சார்னு தெரியுமா, இல்ல வயசானவர் கைத்தவறுதல்னு நினைப்பீங்களா? செஸ் தெரியாதவங்களுக்கு ஸ்டேல்மேட்ட பேத்தி வாயாலயே எப்படி சொல்ல வைக்கலாம்?